ஃபுல் டாங்கா, ஹிட்டன் டாங்கா: நான்கு பட்டைகளை வளைத்துப் பார்த்தேன்

நானே அடித்துச் செய்த முதல் கத்தி பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உடைந்தது. விறகுக் கட்டையைப் பிளக்க அதை இறக்கி, சிக்கிக்கொண்டபோது பக்கவாட்டில் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பிடி என் கையில், அலகு கட்டையில். அது ஹிட்டன் டாங் கத்தி. அதாவது பிடிக்குள் போகும் இரும்பு (அதைத்தான் டாங் என்கிறோம்) அலகைவிட ஒடுங்கி, மரப்பிடியின் துளைக்குள் மறைந்திருக்கும். ஃபுல் டாங்கில் இரும்பு பிடியின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் போகும்; இரு பக்கமும் பிடிப்பலகையை ஒட்டி ரிவெட் அடிப்போம்.

உடைந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஃபுல் டாங் போட்டிருந்தால் உடைந்திருக்காது." எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. காரணம், உடைந்த முகம்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உடைப்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில், நுண்ணிய மணல் போல மினுங்கியது. அது அப்போது புதிதாக உடைந்த பரப்பு. ஆனால் ஒரு மூலையில் மட்டும், விரல் நகத்தின் பிறை அளவுக்கு, கறுப்பும் வைக்கோல் மஞ்சளுமாக ஒரு திட்டு இருந்தது. இரும்பைக் கடினமாக்க எண்ணெயில் தோய்க்கும்போதே அங்கே விரிசல் விழுந்து, எண்ணெய்க் கரி உள்ளே இறங்கி, பிறகு முறியும் தன்மையைக் குறைக்க மிதமாகச் சூடாக்கிப் பதம் போட்டபோது அந்த விரிசலின் முகம் நிறம் மாறியிருக்கிறது. கத்தி பிறந்த அன்றே பாதி உடைந்திருந்தது என்று அர்த்தம். அந்தத் திட்டு இருந்த இடம் எது? டாங் ஒடுங்கத் தொடங்கும் தோளின் உள்மூலை. நான் சதுர அரத்தால் 90 பாகையில் 'சுத்தமாக' வெட்டியிருந்த மூலை.

அதனால் உடைந்ததற்குக் காரணம் டாங்கின் வகையா, அந்த மூலையா என்று பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

நான்கு பட்டைகள்

ஒரே 1084 கார்பன் ஸ்டீல் பட்டையிலிருந்து நான்கு துண்டுகள் வெட்டினேன். 4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம். கூர் தீட்டவில்லை, வளைக்கும் சோதனைக்குக் கூர் தேவையும் இல்லை, கைக்கும் நல்லது.

முதலாவது ஃபுல் டாங். 30 மி.மீ. அகலம் அப்படியே பின்னால் வரை, 6 மி.மீ. ரிவெட் துளைகள் இரண்டு. இரண்டாவது ஹிட்டன், தோளில் 10 மி.மீ. அகலம், உள்மூலை கூராக, என் பழைய கத்தியைப் போலவே. மூன்றாவதும் அதே 10 மி.மீ., ஆனால் உள்மூலையை உருண்டை அரத்தால் 3 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து, குறுக்காக ஒரு கீறல்கூட இல்லாமல் எமரித் தாளால் நீளவாக்கில் தேய்த்தேன். நான்காவது மூன்றாவதைப் போலவேதான். கூடுதலாக டாங்கை மட்டும் மென்மைப்படுத்தினேன்.

நான்கையும் 815 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, 200 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதம் போட்டேன். நான்காவது துண்டின் அலகை ஈரத்துணியால் சுற்றி வைஸில் பிடித்துக்கொண்டு, டாங்கின் பின்முனையிலிருந்து கேஸ் டார்ச்சைக் காட்டினேன். பளபளப்பாகத் தேய்த்த இரும்பில் நிறம் ஓடுவது அழகான காட்சி: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, பிறகு நீலம். நீலம் தோளைத் தொட்டதும் நிறுத்தினேன். நீலம் வந்த இடம் ஏறக்குறைய 300 பாகையைத் தாண்டியிருக்கும். அங்கே கடினம் குறைந்து, முறிவதற்குப் பதில் வளையும் தன்மை வரும்.

ஒவ்வொன்றுக்கும் மரப்பிடி போட்டு எபாக்ஸி காய விட்டேன். அதற்கே ஒரு வாரம் போனது.

வாளியும் மணலும்

அலகை இரண்டு தடித்த இரும்புப் பலகைகளுக்கு நடுவே படுக்கவைத்து, மேசை விளிம்போடு சி கிளாம்ப்பால் இறுக்கினேன். தோளிலிருந்து 5 மி.மீ. முன்பு வரை பிடிமானம். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோளிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒரு கொக்கி, அதில் வாளி, வாளியில் மணல். இது பக்கவாட்டு வளைவுச் சோதனை, என் கத்தியைக் கொன்ற அதே திசை. 40 கிலோவுக்கு மேல் என் வாளி தாங்காது. கடின இரும்பு முறியும்போது சில்லு பறக்கும் என்பதால் கண்ணாடி அணிந்து, தோள் மேல் தடித்த துணியையும் போட்டுவிட்டேன்.

முதலில் கூர்மூலை. 21 கிலோவில் முறிந்தது. ஒரு எச்சரிக்கையும் இல்லை. உடைந்த முகத்தில் இம்முறை நிறத்திட்டு இல்லை. அதாவது தோய்க்கும்போது விரிசல் விழவில்லை. ஆனாலும் உடைப்பு தொடங்கியது அதே உள்மூலையில்தான். வரிகள் அங்கிருந்தே விசிறி போலப் பரவியிருந்தன.

அடுத்து வளைந்த மூலை, மென்மைப்படுத்தாதது. 36 கிலோ வரை போய் முறிந்தது. அகலம் அதே 10, தடிமன் அதே 4, பதமும் அதே. உருண்டை அரத்தை வைத்துப் பத்து நிமிடம் உழைத்ததற்கு 15 கிலோ கிடைத்தது. ஆனால் முறிந்த விதம் அதே விதம்தான்: திடீரென்று.

நான்காவது, நீலம் ஏற்றியது. 27 கிலோ வரை ஏற்றி இறக்கினால் நேராகத் திரும்பி வந்தது. 31 கிலோவில் இறக்கியபோது திரும்பவில்லை. பிடி லேசாகத் தொங்கி நின்றது. தொடர்ந்து ஏற்ற ஏற்ற வளைந்துகொண்டே போனதே தவிர முறியவில்லை. இதில் நான் கற்றது: மூலையை வளைப்பது தாங்கும் எடையைக் கூட்டுகிறது, மென்மைப்படுத்துவது அதைக் கொஞ்சம் குறைக்கிறது, ஆனால் முறிவை வளைவாக மாற்றுகிறது. வளைந்த கத்தியோடு வீட்டுக்கு நடந்து வரலாம், நிமிர்த்தவும் செய்யலாம். நான் நீலத்தையே தேர்ந்தெடுப்பேன்.

ஃபுல் டாங் 40 கிலோவுக்கும் அசையவில்லை. சரி, அதில் ஆச்சரியம் இல்லை. பக்கவாட்டில் வளைக்கும்போது வலிமை அகலத்தைப் பொறுத்து நேராகக் கூடும். 10-க்குப் பதில் 30 என்றால் மூன்று மடங்கு. தோளே இல்லை என்பதால் உள்மூலையும் இல்லை. ஆனால் வாளியை இறக்கியபின் பார்த்தால், ஒரு பிடிப்பலகையின் முன்விளிம்பில் மெல்லிய கோடு: எபாக்ஸி பிரிந்திருந்தது. இரும்பு வில் போல வளைகிறது, மரம் அந்த அளவுக்கு இசைந்து கொடுப்பதில்லை. அந்த இடைவெளியில் ஈரம் புகுந்தால் பலகைக்கு அடியில், கண்ணில் படாமல், துரு வேலையைத் தொடங்கும். இன்னொன்று: ஃபுல் டாங்கிலும் பலவீனமான இடம் உண்டு, அது முதல் ரிவெட் துளை. அதை அலகுக்கு மிக அருகில், பெரிதாக, ஓரத்தை மழிக்காமல் போட்டால் நாமே ஒரு உள்மூலையைச் செய்து வைத்த மாதிரி. நான் துளைகளைத் தோய்க்கும் முன்பே போட்டு, இரு பக்க ஓரங்களையும் பெரிய டிரில் முனையால் லேசாகச் சீவிவிட்டிருந்தேன்.

ஒவ்வொன்றிலும் ஒரே துண்டுதான் சோதித்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள். கிலோக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையையும் முறிந்த விதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வாள்கள்?

ஃபுல் டாங்தான் வலிமை என்றால், போருக்குப் போன வாள்களில் பெரும்பாலானவை ஏன் ஹிட்டன்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்தது.

ஒரு காரணம் எடை. என் துண்டுகளையே கணக்கிட்டால், 110 மி.மீ. நீள ஃபுல் டாங் ஏறக்குறைய 100 கிராம். அதே நீளத்தில் பின்னால் மெலியும் ஹிட்டன் டாங் 35 கிராமுக்கும் குறைவு. வாளில் பிடி இன்னும் நீளம், இரும்பு இன்னும் தடிமன். பிடிக்குள் கிடக்கும் எடை வெட்டுவதற்கும் உதவாது, சமநிலையை வேண்டிய இடத்தில் வைக்கவும் விடாது.

அடுத்த காரணம் திசை. வாளுக்கு வரும் பெரிய விசை பக்கவாட்டில் அல்ல, கூர் விளிம்பின் திசையில். அந்தத் திசையில் டாங்கின் வலிமை அகலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது: 10 மி.மீ. 20 ஆனால் நான்கு மடங்கு. அதனால் நல்ல ஐரோப்பிய வாளின் டாங், தோளில் தாராள அகலத்தோடு தொடங்கிப் பின்னால் மெல்ல ஒடுங்கும். கடைசி முனை, பிடியின் பின்முனையிலுள்ள குமிழ் வழியாக வெளியே வந்து ஆணித்தலை போல அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். விசை அதிகமுள்ள இடத்தில் இரும்பு, தேவையில்லாத இடத்தில் இல்லை. ஜப்பானிய வாளில் டாங்கைக் கடினமாக்குவதே இல்லை; தோய்க்கும்போது கூர் விளிம்பு மட்டுமே கடினமாகும். டாங்கைப் பிடியில் நிறுத்துவது ஒரு சிறு மூங்கில் ஆணி. என் நான்காவது துண்டில் டார்ச் வைத்து நான் செய்ததை அவர்கள் முதலிலேயே செய்துவிட்டார்கள். விதிவிலக்கும் உண்டு: ஜெர்மானிய மெஸ்ஸர் வாள்களில் கத்தி போலவே அகலமான டாங், இரு பக்கமும் பலகை, ரிவெட்.

ஹிட்டன் டாங்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது சுவரில் மாட்டும் அலங்கார வாள்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் அலகின் அடியில் குட்டையாக ஒரு முனை விட்டு, அதில் மெல்லிய மரை போட்ட கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். பற்றவைப்பின் சூட்டில் அதை ஒட்டிய இரும்பு கெட்டுப்போகும். வீசினால் அங்கேதான் முறிந்து அலகு பறக்கும். குமிழின் முனையில் கழற்றக்கூடிய நட் இருந்தால் கழற்றிப் பாருங்கள். சில நல்ல வாள்களிலும் நட் உண்டு, அதனால் நட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே டாங் அகலமாகத் தொடங்கி முனையில் மட்டும் மரையாகிறதா, அல்லது பென்சில் போன்ற கம்பி தோள் வரை போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது சுவரிலேயே இருக்கட்டும்.

இப்போது

விறகு பிளக்க, நெம்ப என்று ஒரு கத்தி வேண்டுமானால் ஃபுல் டாங்தான் செய்வேன். பக்கவாட்டு விசைக்கு அகலத்தைப் போல வேறொன்று இல்லை. மற்றதற்கெல்லாம் ஹிட்டன், 3 மி.மீ.க்குக் குறையாத வளைவோடு, தோள் வரை நீலத்தோடு. முறிந்த பழைய அலகை உலையில் மறுபடி சூடாக்கி மெல்ல ஆறவிட்டு, ஒடிந்த பகுதியை வெட்டிவிட்டேன். 40 மி.மீ. நீளம் குறைந்தது. நேற்று புதிய தோள் கோடு கீறினேன். சதுர அரத்தை எடுக்காமல், மூலையில் முதலில் 6 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளையின் வட்டம் வரை மட்டும் வெட்டினேன். நாளை தோய்க்க வேண்டும்.