சிவப்புக் கோடுகளோடு ஒரு கடிதமும்

ஜூன் 3, செவ்வாய்

கோவைக் கட்டடக்காரர் ஒருவரின் பிரோஷர் வேலை இன்று முடிந்தது. 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏ4 தாளில் மூன்று மடிப்பு, ஆறு பக்கம். அவரே உட்கார்ந்து எழுதி அனுப்பியது 1,100 சொற்கள், இப்போது இருப்பது 430. வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத்தான் திருத்தினேன், திறந்து பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. இந்தக் கோப்பை அப்படியே அனுப்பினால் அவர் முதலில் பார்ப்பது பிரோஷரை இல்லை, அடித்துப்போட்ட தன்னுடைய வரிகளைத்தான். அதனால் திருத்தங்களை ஏற்றுக்கொண்ட சுத்தமான பிரதி ஒன்று, சிவப்புப் பிரதி ஒன்று, இரண்டுக்கும் முன்னால் படிக்க ஒரு கடிதம். பிரோஷரைத் திருத்த இரண்டு நாள் ஆனது, கடிதத்துக்கும் அதே அளவு ஆகும்போல இருக்கிறது.

ஜூன் 4, புதன்

கடிதத்தின் முதல் வரைவு தேறவில்லை. செய்த திருத்தங்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்: இந்த வாக்கியம் நீளம், இங்கே ஒற்று விட்டுப்போயிருந்தது, இது இரண்டு முறை வந்திருந்தது. படித்தால் வாத்தியார் விடைத்தாள் திருத்திக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒற்றுப்பிழையை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, அதற்கு 'எழுத்துப்பிழைகளைச் சரிசெய்திருக்கிறேன்' என்ற ஒரு வரி போதும். அவர் கண்டிப்பாகக் கேட்கப்போகும் இடங்கள் நான்கு. அந்த நான்குக்கும் காரணம் சொன்னால்தான் கடிதத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த நான்கையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 2016-இல் வந்த ரெரா, அதனால் மாற்றியே ஆகவேண்டியவை சில. வாசிப்பவருக்கு இப்படி இருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டவை மற்றவை. இந்த இரண்டையும் கலந்து எழுதினால் என்ன ஆகும் என்று முன்பு ஒரு வேலையில் பார்த்திருக்கிறேன்: வாடிக்கையாளர் எல்லாமே என் விருப்பம் என்று நினைத்து, கட்டாயமான மாற்றத்தையும் சேர்த்துப் பழையபடி ஆக்கிவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

சட்டப் பகுதியை எழுதினேன். கட்டடத்தின் ரெரா பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் அவருடைய வரைவில் இல்லை. பிரிவு 11(2)-இன்படி விளம்பரத்தில் அவை இரண்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும். அவர் பதிவு செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும், எண்ணைப் போட மறந்திருக்கிறார், அவ்வளவுதான். முதலில் அபராதத்தையும் எழுதினேன்: மதிப்பிட்ட செலவில் 5 சதவீதம் வரை, அவருடைய 12 கோடிக்கு 60 லட்சம். பிறகு எடுத்துவிட்டேன். கடிதத்தில் 60 லட்சம் என்று ஒரு எண் இருந்தால் அதற்கப்புறம் வரும் எதையும் யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள். பிரிவு எண்ணும் 'பதிவு எண்ணை மட்டும் அனுப்புங்கள், இடம் விட்டு வைத்திருக்கிறேன்' என்ற வரியும் போதும்.

பெரியது பரப்பளவு. அவர் 'இரண்டு படுக்கையறை, 1,200 சதுர அடி' என்று எழுதியிருந்தார். அது பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப். அவரே தந்த வரைபடப்படி கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடம், 870. கடிதத்தில் இப்படி எழுதினேன்:

'நீங்கள் பதிவின்போது ஆணையத்துக்குக் கொடுத்தது கார்பெட் ஏரியா. வீடு வாங்க வருபவர் பிரோஷரில் 1,200 பார்ப்பார், வீட்டுக்குப் போய் இணையத்தில் 870 பார்ப்பார். நடுவில் உள்ள 330 சதுர அடி பால்கனி, வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கு என்று விளக்க அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். அதனால் 870-ஐ முதலில் போட்டு, 1,200-ஐ அதே வரியில் அடுத்துப் போட்டு, 330 எதில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறேன்.'

இதில் அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. வீட்டின் விலையான 78 லட்சத்தை 1,200-ஆல் வகுத்தால் சதுர அடி 6,500, 870-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8,970. பக்கத்துக் கட்டடக்காரரோடு ஒப்பிட்டால் விலை கூடினதுபோலத் தெரியும். அதனால் சதுர அடி விலையை எடுத்துவிட்டு மொத்த விலையை வைத்தேன், அதையும் கடிதத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் எடுத்திருந்தால் விட்டுப்போனது என்றுதான் நினைப்பார்.

நீச்சல் குளத்தைப் பற்றி அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை, கேள்வியாக வைத்தேன். அவர் தந்த அனுமதி வரைபடத்தில் குளம் இல்லை. 'அனுமதி பெற்ற திட்டத்தில் இது உண்டா? இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். பிரோஷரில் இருப்பதை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்து, அது பொய்யாகிப்போனால், பிரிவு 12-இன்படி அவர் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்.' விவரம் அவரிடம் இருக்கும்போது நானாக முடிவு செய்யக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

இன்று எழுதியதுதான் கடினம். அவருடைய வரைவின் முதல் 180 சொற்கள் அவருடைய அப்பாவைப் பற்றியவை. கொத்தனாராக இருந்தவர். அதை 45 சொல்லாக்கிக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். சட்டம் எதுவும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, முழுக்க என் முடிவு, வலிக்கப்போவதும் இதுதான். அதனால் கடிதத்தில் இதை முதலில் வைத்தேன். சட்ட விஷயத்துக்கு அவர் சரி என்று விடுவார், இதைத் தேடித் தேடி வந்து பார்ப்பார்.

'அப்பாவைப் பற்றிய பகுதியைக் குறைத்திருக்கிறேன், இடமும் மாற்றியிருக்கிறேன். பிரோஷரைப் பிரிப்பவர் முதலில் வீடு எங்கே, எவ்வளவு பெரிசு, என்ன விலை என்று தேடுவார். அது தெரிந்த பிறகுதான் கட்டுகிறவர் யார் என்று கேட்பார், அப்போது அவர் கண் இருப்பது கடைசிப் பக்கத்தில். அப்பா கட்டிய முதல் வீட்டில் இன்றும் விரிசல் இல்லை என்ற உங்கள் வரியைத் தொடவில்லை. இது என் பரிந்துரை, முடிவு உங்களுடையது.'

தொடாத வரியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த வரி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, நான் எழுதினால் இப்படி வராது.

மாலை ஐந்து மணிக்கு அனுப்பினேன். கடிதம் ஒரு பக்கத்துக்குள். கடைசியில் அவர் பதில் தரவேண்டிய மூன்று கேள்விகளும், அச்சகத்துக்காகப் புதன் என்ற தேதியும்.

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே கூப்பிட்டார். "ஏனுங்க அம்மிணி, அப்பாவைக் கடைசிக்குத் தள்ளிட்டீங்களே" என்றுதான் ஆரம்பித்தார். நான் பேசவில்லை, அவர் பேசட்டும் என்று விட்டேன். கடிதத்தை இரண்டு முறை படித்தாராம், வீட்டம்மாவிடமும் படித்துக் காட்டினாராம். கடைசிப் பக்கம் சரிதான், ஆனால் விரிசல் வரி மட்டும் அட்டையில் பெயருக்குக் கீழே வரவேண்டும் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. என் ஏற்பாட்டைவிட நன்றாக இருந்தது, உடனே ஒத்துக்கொண்டேன்.

குளம் இரண்டாம் கட்டத்தில் கட்டலாம் என்ற எண்ணம் மட்டும்தானாம், அனுமதி வாங்கவில்லை. எடுத்தாயிற்று. 'விமான நிலையம் 10 நிமிடம்' என்பதை எப்படிக் கணக்கிட்டார் என்பது மூன்றாவது கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியில் போய்ப் பார்த்தாராம். 7 கி.மீ. என்று மாற்றினோம், நேரம் ஆளுக்கு ஆள் மாறும், தூரம் மாறாது. பரப்பளவில்தான் அரை மணி நேரம் போனது. கடைசியில் இரண்டு எண்ணும் ஒரே அளவு எழுத்தில், 870 முதலில்.

ஜூன் 11, புதன்

பதிவு எண் வந்தது. ஆணையத்தின் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பார்த்தேன், அவர் அனுப்பியதில் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது. அவரிடம் சொல்லி, சரியானதைப் போட்டு, மதியம் அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.