எம்3 ஆலன் ஸ்க்ரூவின் தலையைத் தட்டுக்குள் இறக்கியது

வீட்டில் செய்துகொண்டிருக்கும் கேமரா ஸ்லைடரில் இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் நடந்தது. ரயிலில் ஓடும் பிளாக்கின் மேல் 6 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்றை நான்கு எம்3 ஆலன் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். அந்தத் தட்டின் மேல் கேமராவின் தட்டு படிந்து உட்காரும். அதனால் எந்தத் தலையும் முடி அளவுகூட வெளியே நீட்டக் கூடாது. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் டிரில் பிரஸ் வைக்க இடமில்லை, சத்தமும் அக்கம்பக்கத்துக்கு ஆகாது. சனிக்கிழமை ஊபியில் நண்பனின் பட்டறைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் தலையை அளந்தேன். வெர்னியரில் விட்டம் 5.4, உயரம் 2.92 வந்தது. ஆனால் கையில் இருக்கும் ஒரு ஸ்க்ரூவை அளந்து குழி போட்டால், அடுத்த பாக்கெட்டில் வரும் ஸ்க்ரூ அதில் இறங்காமல் போகலாம். இந்த ஸ்க்ரூவுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4762 படி எம்3 தலையின் உயரம் அதிகபட்சம் 3.0. விட்டம் வழவழப்பான தலைக்கு 5.5 வரை, பக்கத்தில் வரி வெட்டிய தலைக்கு 5.68 வரை போகலாம். இந்த வகை ஸ்க்ரூவில் தலையின் உயரமும் ஸ்க்ரூவின் பெயரளவு விட்டமும் ஒன்றுதான். எம்3 என்றால் 3, எம்5 என்றால் 5. இது நினைவில் இருந்தால் அட்டவணை இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் குழியின் விட்டம். பட்டறையில் 6 மி.மீ. எண்ட் மில்லும் இருந்தது, அடி தட்டையாகக் குழி வெட்டும், முனையில் 3.4 வழிகாட்டி முள் வைத்த 6.5 மி.மீ. கவுண்டர்போரும் இருந்தது. 5.68 தலைக்கு 6 போதும் என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. ஆனால் கீழே ஸ்க்ரூ போகும் துளை 3.4. அதில் 3 மி.மீ. ஸ்க்ரூ ஒவ்வொரு பக்கமும் 0.2 நகரலாம். நான் கையால் குறித்த துளைகள் கொஞ்சம் விலகியிருந்தால் அந்த 0.2தான் காப்பாற்றும். குழி 6 ஆக இருந்தால் பெரிய தலை ஒன்று 0.16 நகர்ந்ததுமே சுவரில் இடித்து நின்றுவிடும். துளையில் விட்ட இடம் வீண். 6.5 குழியில் தலைக்கு ஒரு பக்கம் 0.41 கிடைக்கிறது. அதனால் 6.5 எடுத்தேன்.

ஆழத்தில்தான் மாட்டிக்கொண்டேன். தலை எப்படியும் உள்ளே போகட்டும் என்று முதல் குழியை 3.8 ஆழத்துக்கு இறக்கினேன். ஸ்க்ரூவைப் போட்டு ஆலன் கீயால் இறுக்கினேன், நன்றாகப் பிடித்த மாதிரிதான் கைக்குத் தெரிந்தது. தலையும் அழகாக உள்ளே கிடந்தது. ஆனால் தட்டை விரலால் தள்ளினால் மெல்ல ஆடியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், அப்போதும் ஆடியது.

பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி நுனியில மார்க்கர் தடவிப் போட்டுப் பாருங்க" என்றார். தடவி, இறுக்கி, திரும்ப எடுத்தேன். நுனியின் தட்டையான முகத்தில் மை வட்டமாகத் தேய்ந்து, இரும்பு பளபளத்தது. ஸ்க்ரூ பிளாக்கின் துளையில் அடிதட்டி நின்றிருக்கிறது. தலை தட்டைத் தொடவே இல்லை. வெர்னியரின் ஆழக் கம்பியை விட்டுப் பார்த்தபோது பிளாக்கின் மரைத் துளை 3.5 ஆழம்தான்.

கணக்கைக் காகிதத்தில் போட்டபோது விஷயம் விளங்கியது. தட்டு 6, குழி 3.8 என்றால் தலைக்குக் கீழே மிஞ்சும் அலுமினியம் 2.2. ஸ்க்ரூவின் நீளமும் 6. தலையை விட்டுவிட்டு மீதியை அளப்பதுதான் இந்த ஸ்க்ரூவின் நீளம். ஆக மறுபக்கம் நீட்டுவது 6 - 2.2 = 3.8. துளையோ 3.5. தட்டின் தடிமனும் ஸ்க்ரூவின் நீளமும் ஒன்றாக இருந்தால், மேலே எவ்வளவு குடைகிறோமோ அவ்வளவே கீழே நீட்டும். என் விஷயத்தில் குழி 3.0ஐ விட ஆழமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தலை நீட்டும். 3.5ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் நுனி அடிதட்டும். 3.2 என்று முடிவு செய்தேன். தலை 0.2 உள்ளே, கீழே 0.3 மிச்சம், மரையில் 3.2 பிடிப்பு. ஸ்க்ரூவின் நீளத்தைப் பார்க்காமல் குழியின் ஆழத்தை முடிவு செய்யவே கூடாது என்று இப்போது எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

முதல் தட்டை ஒதுக்கிவிட்டுப் புதுத் துண்டில் தொடங்கினேன். முதலில் 3.4 துளை, பிறகு அதில் முள்ளை நுழைத்துக் கவுண்டர்போர். சாதாரண 6.5 டிரில்லால் குடைந்தால் அடி தட்டையாக வராது. 118 பாகை முனை சரிவாக வெட்டிவிடும், தலை விளிம்பில் மட்டும் உட்காரும். கவுண்டர்போரின் பல் தட்டைத் தொட்ட இடத்தில் டிரில் பிரஸ்ஸின் ஆழ நிறுத்தியைப் பூஜ்யமாக வைத்து, 3 வரை இறக்கி, வெளியே எடுத்து அளந்தேன். முதல் அளவு 3.2 என்று வந்ததும் சந்தேகப்பட்டேன். குழியின் வாயில் பிசிறு எழும்பி நின்றது, வெர்னியர் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பிசிறை எடுத்துவிட்டு அளந்தால் 3.0தான். இன்னொரு 0.2 இறக்கினேன்.

இன்னொன்றையும் செய்தேன். ஸ்க்ரூவின் தலைக்கும் தண்டுக்கும் நடுவே சின்ன வளைவு இருக்கிறது. எம்3க்கு அது 3.6 விட்டம் வரை போகலாம், துளையோ 3.4. துளையின் மேல் விளிம்பு கூர்மையாக இருந்தால் வளைவு அதில் ஏறி நின்று தலையைத் தூக்கிவிடும். குழிக்குள்ளே அந்த விளிம்பைக் கையால் ஒரு சுற்று சுற்றிச் சற்றே மழுக்கினால் போதும்.

கூம்புத் தலை ஸ்க்ரூவைக் கவுண்டர்சிங்க் என்னும் கூம்புக் குழியில் போட்டிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். ஆழம் குறைவாகப் போதும், உண்மைதான். ஆனால் கூம்பு ஸ்க்ரூவை நடுவுக்கு இழுக்கும், விலக இடமே தராது. நான்கு துளையும் அச்சுப் பிசகாமல் இருந்தால்தான் நான்கும் ஒழுங்காக உட்காரும். என் கைக்குறிக்கு அது ஒத்து வராது. அதைப் போடுவதென்றால் ஆழத்தை அளப்பதைவிட வாயின் விட்டத்தை அளப்பது எளிது. 90 பாகையில் 0.1 இறங்கினால் வாய் 0.2 விரியும். கூடவே வெட்டியின் கோணத்தையும் பார்க்க வேண்டும். அங்குல ஸ்க்ரூவுக்கான 82 பாகை வெட்டியும் கடையில் கிடைக்கிறது. அதில் குடைந்த குழியில் 90 பாகைத் தலை மேல் விளிம்பில் மட்டும் பிடிக்கும். தலையில் மார்க்கர் தடவி இறுக்கினால் விளிம்பில் மெல்லிய கோடாக மட்டும் மை தேய்ந்திருப்பது தெரியும்.

நான்கு ஸ்க்ரூவையும் போட்டு முடித்து, குழிகளின் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்தேன். ஏ4 தாளின் மெல்லிய கீற்று ஒன்றைத் தலைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே விட்டால் நான்கிலும் தடையில்லாமல் நுழைகிறது. தட்டைத் தள்ளினால் ஆட்டமில்லை. பிளாக்கும் ரயிலில் முன்போலவே லேசாக ஓடுகிறது. அடுத்த வாரம் கேமராத் தட்டின் எம்5 குழிகள். அந்தத் தட்டு 8 மி.மீ., எம்5 தலையே 5. 5.3 குடைந்தால் கீழே 2.7தான் மிஞ்சும். ஸ்க்ரூ வாங்கும் முன் அங்கே மரைத் துளையின் ஆழத்தை அளக்க வேண்டும்.