எலும்பு முறிவு என்று நான் எழுதவில்லை

"கை வளைஞ்சு கிடக்கிறது உங்க கண்ணுக்கே தெரியுதுல்லங்கய்யா. ஒடஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன?"

மிளகு பறிப்பில் ஏணியிலிருந்து விழுந்தவரின் மனைவி என்னிடம் கேட்டது இது. சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். விபத்து நடந்தால் சம்பவ அறிக்கை எழுதுவதும், ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஒரு சீட்டு எழுதி அனுப்புவதும் என் பொறுப்பு. அவர் கேட்ட வார்த்தையை நான் எழுதவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருந்தது தெரிந்த பிறகும், எழுதாதது சரிதான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைத்தவுடன் அந்தம்மாவின் குரலும் கூடவே வந்துவிடுகிறது.

அன்றைக்கு என் மேஜைக்கு இரண்டு பக்கமிருந்தும் வார்த்தைகள் வந்தன. மனைவி 'எலும்பு முறிவு' என்றார். மானேஜர் போனில், "லேசான அடின்னு போட்டு அனுப்புங்க, பெருசாக்க வேண்டாம்" என்றார். முதலாவதை மட்டும்தான் பலரும் மருத்துவர் சொல்ல வேண்டியது என்று நினைக்கிறார்கள். இரண்டாவதும் அதே வகைதான். உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துச் சொல்வதற்கும் ஒரு மருத்துவர்தான் வேண்டும். 'தலையில் அடி இல்லை' என்பதும் அப்படித்தான். எனக்குத் தெரிந்தது தலையில் ரத்தம் வரவில்லை என்பது மட்டும். முடியை விலக்கி நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும்.

சீட்டில் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"காலை 10.40. சுமார் பத்தடி உயரத்திலிருந்து விழுந்ததாக உடன் வேலை செய்தவர் சொன்னார், நான் பார்க்கவில்லை. இடது கையை ஊன்றி விழுந்ததாகக் காயமடைந்தவரே சொன்னார். இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை நேராக இல்லை. புறங்கைப் பக்கம் மேடாக எழும்பியிருக்கிறது. வலது கையில் அப்படி இல்லை. வீக்கம் உண்டு. இடது முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் தோல் 4 செ.மீ. நீளத்துக்குக் கிழிந்து, ஓரங்கள் சீராக இல்லை; துணி வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது. விரல்களை அசைக்கிறார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்த மாதிரி இருக்கிறது என்று 11 மணிக்குச் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்கிறார். வாந்தி இல்லை. தலைமுடிக்குள் பார்க்கவில்லை. கையை நிமிர்த்தவோ அழுத்திப் பார்க்கவோ இல்லை. அட்டை வைத்துத் துண்டால் கட்டியிருக்கிறோம்."

கிழிசலின் நீளத்தை அளந்தது அலுவலக ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்துத்தான், காயத்தைத் தொடாமல். கோணலை டிகிரியில் சொல்ல எனக்குத் தெரியாது; அதனால்தான் மற்றக் கையோடு ஒப்பிட்டேன். படிக்காதவர்கூட இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் சொல்லிவிடுவார். 'வெட்டுக் காயம்' என்று எழுதாமல் ஓரங்களைப் பற்றி எழுதியதற்கும் காரணம் உண்டு. அவர் இடுப்பில் கொத்துக் கத்தி இருந்தது. வெட்டு என்று எழுதினால், கத்திதான் கிழித்தது என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கீழே கிடந்த கல்லாகவும் இருக்கலாம்.

மரத்துப் போனதாக அவர் சொன்ன வரியை, அவர் சொன்னதாகவே, நேரத்தோடு எழுதியிருந்தேன். சேலத்தில் பார்த்த டாக்டர் அந்த வரியில்தான் விரலை வைத்து, "இது எப்ப ஆரம்பிச்சது, விழுந்த உடனேயா, கட்டின பிறகா?" என்று கேட்டாராம். மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுந்தினால் அந்த விரல்கள்தான் முதலில் மரக்கும் என்று கூடப் போன மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். 'எலும்பு முறிவு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் இந்த வரியை எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பெயர் வைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

இதுவரை என் பக்கம் பலமாகவே இருக்கிறது. ஏணியைப் பற்றி எழுதியதை நினைக்கும்போதுதான் தடுமாறுகிறேன்.

சேத விவரத்தில் இரண்டு காபிச் செடிகளின் கிளைகள் முறிந்தது, சில்வர் ஓக் மரத்திலிருந்து மிளகுக் கொடி சரிந்தது எல்லாம் ஓரிரு வரிகள். ஏணிக்கு மட்டும் முக்கால் பக்கம். ஒற்றை மூங்கிலில் துளை போட்டு முளை அடித்த ஏணி அது. ஒரு முளை கழன்று கிடந்தது. அது இருந்த துளை நார்வாக்கில் ஒரு சாண் நீளம் பிளந்திருந்தது. சுற்றிலும் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். தட்டினால் வெளிர் மஞ்சளாக மாவு மாதிரி கொட்டியது. இவ்வளவையும் எழுதி, ஸ்கேல் வைத்துப் போட்டோவும் எடுத்தேன். 'உளுத்த ஏணி' என்று எழுதவில்லை. விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றும் எழுதவில்லை. படித்ததும் மானேஜர், "ஏணி கெட்டுப் போயிருந்துச்சுன்னு எழுதிட்டீங்களே" என்றார். "நான் எழுதலைங்க சார், நீங்க படிச்சுப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றேன்.

அதே மனிதர் கையைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, "முறிவுன்னு நீங்களே எழுதலையே, அப்ப லேசான அடிதானே" என்று அட்வான்ஸ் பணத்தை நிறுத்தி வைத்தார். ஏணி விஷயத்தில் சொல்லாததையும் புரிந்துகொண்டவருக்குக் கை விஷயத்தில் சொன்னதுகூடப் புரியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தம்மா தோட்டை அடகு வைத்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில், கை கால் எலும்பு முறிந்தாலோ, 20 நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனாலோ அது பலத்த காயம். முதலாளி 7 நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதாவது சட்டமே அந்த வார்த்தையை எதிர்பார்க்கிறது. ஆனால் அது மருத்துவரின் தாளிலிருந்து வர வேண்டும். அந்தத் தாள் மனைவியின் பையில் இருந்தது. அலுவலகத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் மேஸ்திரி சொல்லித்தான் நான் வாங்கி வந்து கொடுத்தேன். அறிக்கை அனுப்பியாயிற்று, பணமும் பிறகு வந்தது. நடுவில் போன அந்த நாட்களுக்கு நான் எழுதிய முறையும் ஒரு காரணமா? மானேஜர் எப்படி எழுதியிருந்தாலும் தட்டியிருப்பார் என்று ஒரு மனசு சொல்கிறது. அவருக்குத் தட்டிக்கழிக்க இடம் கொடுத்தது யார் என்று இன்னொரு மனசு கேட்கிறது.

அந்தம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். நான் முறிவு என்று எழுதி, நாளைக்கு வழக்கு என்று வந்தால், "நீங்க டாக்டரா?" என்ற ஒரே கேள்வியில் என் அறிக்கை முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும், ஏணியைப் பற்றி எழுதியதும் அதோடு போய்விடும் என்றேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஏணியக் காப்பாத்த எங்க வீட்டுக்காரரு கைய விட்டுட்டீங்க" என்றார். அப்படி இல்லைம்மா என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்த சீட்டுகளில் கடைசியாக ஒரு வரி சேர்க்கிறேன்: "எலும்பின் நிலை தெரியவில்லை. எக்ஸ்ரே முடிவு வரும்வரை இதைச் சிறு காயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்." கூடவே, டாக்டர் தாளை அன்றே வாங்கி வரும்படி துணைக்குப் போகிறவரிடம் சொல்லி அனுப்புகிறேன். இந்த வரி மருத்துவர் பேசுவது மாதிரி இருக்கிறது, அடித்துவிடுங்கள் என்கிறார் மானேஜர். யோசித்தால் அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் அடிப்பதில்லை.