மியோஸ் சார்ட் ஸ்டேஷன்: சிவப்பைத் தேடாதீர்கள், மஞ்சளை எண்ணுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். எம்.ஆர்.சி.ஓ.ஜி. மூன்றாம் பகுதிக்குப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்டேஷன், டொமைன் எல்லாம் உங்களுக்கே தெரியும். தேர்வில் வந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதால் கீழே உள்ள கேஸ் நானே கட்டியது.

சார்ட்டைக் கையில் கொடுத்தவுடன் பெரும்பாலானவர்களின் கண் சிவப்புக் கட்டத்தைத் தேடிப் போகும். அது இல்லையென்றால் "ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்" என்று வாயில் வந்துவிடும். ஸ்டேஷன் அங்கேயே முடிந்தது. ஒரு சிவப்பு அல்லது இரண்டு மஞ்சள், இரண்டில் எது வந்தாலும் டாக்டர் வந்து பார்க்க வேண்டும். எல்லைகள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். பரவலாக உள்ள சார்ட்டில் பல்ஸ் 100 முதல் 120, சிஸ்டாலிக் 90 முதல் 100, மூச்சு 21 முதல் 30 வரை மஞ்சள். அதையும் தாண்டினால் சிவப்பு.

கேஸ் இது. மதியம் 12 மணிக்கு சிசேரியன்.

- மாலை 6: பல்ஸ் 96, பி.பி. 110/70, மூச்சு 18
- இரவு 8: பல்ஸ் 108, பி.பி. 104/66, மூச்சு 18
- இரவு 9: பல்ஸ் 118, பி.பி. 98/60, மூச்சுக் கட்டம் காலி

சிவப்பு ஒன்றுகூட இல்லை. 9 மணிக்கு இரண்டு மஞ்சள் இருக்கிறது, அதனால் அழைத்தே ஆக வேண்டும். ஆனால் 8 மணிக்கு எழுதியிருக்கும் 18-ஐ நம்பலாமா? மூச்சை எண்ணாமல் 16, 18 என்று போடும் பழக்கம் எந்த வார்டிலும் உண்டு. தேர்வர் செய்ய வேண்டியது, "நானே ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்கிறேன்" என்று சொல்வது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு பிசகினாலே கணக்கில் நான்கு பிசகும். எண்ணினால் 26 வருகிறது. 8 மணிக்கே சரியாக எண்ணி அது 20-ஐத் தாண்டியிருந்தால், பல்ஸோடு சேர்ந்து இரண்டு மஞ்சள் அப்போதே விழுந்திருக்கும். ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

பி.பி. ஏன் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கிறது? கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருக்கும். இளம் பெண்ணின் ரத்தக் குழாய்களும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லிட்டர் கணக்கில் ரத்தம் போன பிறகுதான் பி.பி. விழும். அதற்கு முன்பே திசுக்களில் அமிலம் சேர்வதால் மூச்சு வேகமாகும். பல்ஸை சிஸ்டாலிக்கால் வகுத்துப் பாருங்கள்: 0.87, 1.04, 1.20. பிரசவித்த பெண்ணுக்கு 0.9-ஐத் தாண்டினாலே ஷாக் இண்டெக்ஸ் எச்சரிக்கைதான். இந்த மூன்று எண்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஸ்டேஷனில் இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

அடுத்து, ரத்தம் எங்கே போகிறது? பேடில் கொஞ்சம்தான், கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறது. இங்கே நிம்மதியடைபவர்கள் அதிகம். வயிறு உப்பியிருக்கிறதா, தோள்பட்டை வலிக்கிறதா, யூரின் பையில் கடந்த மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இவளுக்கு 15 மில்லி. தோள் வலியை "கேஸ் பிடிப்பு" என்றும், அமைதியின்மையைத் தையல் வலி என்றும் எழுதி மார்ஃபின் போட்டிருக்கிறார்கள். இது வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, வேறுவிதமாக நிரூபணமாகும்வரை. வயிற்றில் வைத்த டிரெயினில் ஒன்றும் வரவில்லை என்பது ஆறுதல் அல்ல, உறைந்த ரத்தம் அடைத்திருக்கலாம். ஹீமோகுளோபின் 10 என்று வந்தாலும் அப்படித்தான்; ரத்தம் நீர்த்துப்போக நேரம் எடுக்கும்.

கன்சல்டன்டுக்குப் போன். எஸ்பார் வரிசையை ஒப்பிக்காதீர்கள், முதல் வாக்கியத்திலேயே கேட்பதைக் கேளுங்கள்: "சிசேரியன் முடிந்து ஒன்பது மணி நேரம் ஆன பெண்ணுக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்று நினைக்கிறேன், நீங்கள் உடனே வர வேண்டும்." பிறகு எண்கள், அதன் போக்கு. பிறகு செய்துகொண்டிருப்பவை: ஆக்ஸிஜன், இரண்டு பெரிய கான்யுலா, நான்கு யூனிட் கிராஸ்மேட்ச், ரத்தம் உறையும் சோதனைகள், அனஸ்தெடிஸ்டுக்கும் தியேட்டருக்கும் தகவல். ஸ்கேனுக்காகத் தியேட்டரைத் தள்ளிப் போடுவதாகச் சொன்னால் பேஷன்ட் சேஃப்டியில் மார்க் போகும்.

சார்ட்டே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ப்ரீஎக்ளாம்ப்சியாவுக்கு லேபெட்டலால் எடுத்துக்கொண்டிருப்பவளுக்குப் பல்ஸ் ஏறாது. வழக்கமாக 150 இருந்த சிஸ்டாலிக் 112 ஆனால் சார்ட்டில் அது வெள்ளைக் கட்டம். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள். அங்கே மூச்சும் யூரினும்தான் முதலில் பேசும்.