கல்லை ஏன் எடுத்தது?

குளச்சல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். இங்கே எந்த விலங்கின் புத்தியைப் பேசினாலும் பேச்சு காகத்தில் வந்துதான் நிற்கும். கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளைகள், தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள். “காக்கா மீன ஓட்டு இடுக்குல ஒளிச்சு வெக்கும்லா சார், நாளைக்குன்னு நெனச்சுதானே?” என்றான் ஒருவன்.

ஒளித்து வைப்பது பிறவிப் பழக்கமாகவும் இருக்கலாம். அதனால் அன்றைக்கு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைச் சொன்னேன். 2017இல் வெளிவந்தது. அதில் இருந்தவை ஐந்து ரேவன்கள், நம்மூர் அண்டங்காக்கையைவிடப் பெரிய சாதி. ஒரு பெட்டிக்குள் கல்லைப் போட்டால் தீனி விழும் என்று அவை முதலில் கற்றுக்கொண்டன. அப்புறம் பெட்டியைக் காட்டிவிட்டு, கல் கொடுக்காமலே எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு ஒரு தட்டில் அந்தக் கல்லையும் உதவாத சில பொருட்களையும் வைத்தார்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். பெட்டி திரும்பி வர இன்னும் 15 நிமிடம் இருக்கிறது. பெரும்பாலும் கல்லையே எடுத்து வைத்துக்கொண்டன. இடைவெளியை 17 மணி நேரமாக நீட்டியும் அப்படித்தான்.

வகுப்பே சந்தோஷப்பட்டது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் விடவில்லை. “அந்தக் கல்லுதானே சார் எப்பவும் தீனி தந்துச்சு? அந்த ஆசையிலயே எடுத்திருக்கும்லா?”

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் சிலர் எழுதிய மறுப்பும் இதேதான். எப்போதும் பலன் தந்த பொருள், எதிர்காலத்தை நினைக்காவிட்டாலும் கண்ணை இழுக்கும். திட்டமா பழக்கமா என்று அந்தத் தட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

2020இல் வெளிவந்த இன்னொரு சோதனை இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. இம்முறை பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காகங்கள். காட்டில் தாழை ஓலையின் முள் விளிம்பைக் கிழித்து, அதை மரப்பொந்துக்குள் விட்டுப் புழுவை இழுக்கிறவை. தாழை நம் கடற்கரையிலும் உண்டு. மூன்று வகைப் பெட்டிகள். குச்சி, கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கருவி. எல்லாக் கருவியும் முன்பே சமமாகப் பலன் தந்தவை. காகம் ஒரு பெட்டியைப் பார்க்கும். ஐந்து நிமிடம் கழித்து, பெட்டி கண்ணில் படாதபோது, ஐந்து பொருட்களில் ஒன்றை எடுக்க வேண்டும். அதைப் பயன்படுத்த மேலும் பத்து நிமிடம் ஆகும். எந்தப் பொருளிலும் ஆசை கூடுதலாக ஒட்டியிருக்க வழியில்லை. முன்பு பார்த்த பெட்டியின் நினைவுதான் கைகொடுக்க வேண்டும். காகங்கள் அந்தப் பெட்டிக்குரிய கருவியை எடுத்தன.

அந்தப் பெண்ணைக் கரும்பலகைக்கு அழைத்து இரண்டு தட்டுகளையும் வரையச் சொன்னேன். வரைந்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்: “தேர்ந்தெடுக்கும்போதும் அதுக்குத் தீனி மேல ஆசை இருக்கும்லா சார்? வயிறு நெறஞ்சப்போ, பின்னால வரப்போற பசிக்காக எடுக்குமா?” இந்தச் சோதனை அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்பை அந்தக் கேள்விக்கே ஒதுக்கினேன்.