தேனீ கோர்ஸ்: முதல் வருஷக் கணக்கு

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறவர்கள் ஆன்லைன் கோர்ஸ் போட நினைத்தால், "தேனீ வளர்ப்பு முழுசா" என்று நாற்பது வீடியோ எடுக்க வேண்டாம். அதெல்லாம் யூடியூபில் சும்மாவே கிடக்கிறது. "ஒரு பெட்டியை இரண்டாகப் பிரிப்பது" மட்டும் போதும்; பிரிக்காமல் விட்டு தேனீக் கூட்டம் பறந்துபோய் நஷ்டப்பட்டவர்தான் காசு கொடுப்பார்.

முதலில் பத்துப் பேருக்கு, பாதி விலையில், ஜூமில் நேரடி வகுப்பு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் பாடத்திட்டம். ரெக்கார்டிங் அதற்கப்புறம். கேமராவைவிட காலர் மைக் முக்கியம், ரப்பர் தோட்டத்துக் காற்று பேச்சை விழுங்கிவிடும்.

வருமானம்? வாட்ஸ்அப்பில் 500 பேர் இருந்து, நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினால் 10 பேர். தலைக்கு 1,500 என்றால் 15,000 ரூபாய். பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் கையில் 14,646. அடுத்த மாதம் அதே பத்து வராது, வாங்குகிறவர்கள் வாங்கியாச்சு. புதிதாக 500 பேர் சேர ஆறு மாதம் ஆனால், வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்குள்தான். மைக் செலவும் அதில்தான்.