காப்பார் நிலத்துக்கு மூன்று முகம்

கோலாலம்பூரில் ஒரு கடன் நிறுவனத்தைத் தணிக்கை செய்த வருடம் அது. நிலத்தையும் வீட்டையும் அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிற இடம். அந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை என் பங்குக்கு வந்தது. இருபத்தைந்து கோப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றிலும் நில உரிமைப் பத்திரமான கெரான், மதிப்பீட்டு அறிக்கை, தீக்காப்பீட்டுப் பாலிசி என்று மூன்று தாள்கள் இருக்க வேண்டும். நம் பழைய ஆள்கள் கெரானை இன்றும் கிராண்ட் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றும் இருக்கிறதா என்று டிக் போடுவது சுலபம். நானும் முதல் இரண்டு நாள் அதைத்தான் செய்தேன். பதினேழாவது கோப்பில்தான் மாட்டிக்கொண்டேன்.

காப்பார் பக்கம் அரை ஏக்கர் நிலம், அதன் மேல் ஒரு பெரிய கொட்டகை. கடன் பதினொரு லட்சம் ரிங்கிட், மதிப்பீடு பதினான்கரை லட்சம். கடன் மதிப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பதால் நிறுவனத்தின் விதிக்குள் அடங்குகிறது. பாலிசியும் பதினொரு லட்சத்துக்கே எடுத்திருந்தார்கள். பார்வைக்குச் சுத்தமான கோப்பு.

முதலில் கெரான். கோப்பில் இருப்பது நகல். நகலை நம்பித் தணிக்கை செய்யக்கூடாது என்பதால் பெட்டக அறையைத் திறக்கச் சொல்லி அசலைப் பார்த்தேன். நிலத்தை கடாயானுக்கு, அதாவது அடமானத்துக்கு, பதிவு செய்துவிட்டால் அசல் கெரான் கடன் கொடுத்தவரிடம்தான் இருக்கும். இருந்தது. கூடவே முத்திரை வரி கட்டிய அடமானப் படிவம், போராங் 16A. அதில் பதிவு அலுவலகம் போட்ட சமர்ப்பிப்பு எண்ணும், கெரானில் குறித்த எண்ணும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகும் நானே காசு கட்டி கிள்ளான் நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி, அதாவது பதிவேட்டின் அதிகாரபூர்வ விவரம், எடுத்தேன். கடன் வாங்கியவரோ நிறுவனமோ எடுத்துக் கொடுக்கும் சாரியான் என் கையில் வரும்போது பழையதாகியிருக்கலாம். நடுவில் யாராவது கெவியட், அதாவது நிலப் பரிமாற்றத்துக்குத் தடை, போட்டிருந்தால் அதில் தெரியாது.

கெவியட் எதுவும் இல்லை. உரிமையாளர் பெயர் சரி, நிலத்தின் எண் சரி, பரப்பு சரி. கடன் பிரிவுத் தலைவியிடம் சொன்னேன்.

"பார்த்தீங்களா தம்பி, எங்க கோப்பெல்லாம் கிளீன்."

"ஒரு விஷயம் மேடம். இது நில அலுவலகம் குடுத்த கெரான் முகிம். நிலப் பயன்பாட்டு வகையில தியாடா, அதாவது இல்லைனு இருக்கே?"

"தியாடானா நிபந்தனையே இல்லைன்னு அர்த்தம். நல்லதுதானே?"

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு முறை பழைய நில வழக்கறிஞர் ஒருவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. தேசிய நிலச் சட்டமான கானுன் தானா நெகாரா 1965-இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே தனியாருக்குக் கொடுக்கப்பட்ட நிலங்களில் பலவற்றுக்கு வகையும் கிடையாது, எழுதப்பட்ட நிபந்தனையும் கிடையாது. அந்த இடத்தை 53-ஆவது பிரிவு நிரப்புகிறது. நகரத்துக்கும் கிராமப் பகுதிக்கும் வெளியே இருக்கும் அப்படிப்பட்ட நிலத்தை விவசாயத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று சட்டமே ஒரு நிபந்தனையை உள்ளே வைத்துவிடுகிறது. தாளில் தியாடா என்று இருக்கும், சட்டத்தில் விவசாயம் இருக்கும். விவசாயிகள் குடியிருக்கும் வீட்டுக்கு இடம் உண்டு, தொழிற்சாலைக்கு இல்லை. நிபந்தனையை மீறினால் மாநில அரசு நிலத்தையே பறிமுதல் செய்யலாம். நிலம் போனால் அதன் மேல் இருந்த கடாயானும் போகும்.

சரி, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? நேரில் போனேன். சோபா செய்கிறார்கள். கொட்டகைக்குள் பலகை அறுக்கும் இயந்திரம், ஒரு மூலையில் ஸ்ப்ரே பெயின்ட், சுவர் உயரத்துக்கு ஸ்பாஞ்சுக் கட்டைகள். உரிமையாளர் எழுபது வயதுக்காரர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். "அப்பா காலத்துல ரப்பர். அப்புறம் கொய்யா. மகன் வந்தப்புறம்தான் சோபா" என்றார். எதையும் மறைக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து மதிப்பீட்டு அறிக்கையை மறுபடி படித்தேன். இந்த முறை எண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அனுமானங்கள் இருக்கும் பக்கத்தில் தொடங்கினேன். நிலம் தொழிலுக்கு மாற்றப்பட்டு, கட்டடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்ற அடிப்படையில் மதிப்பிடுவதாக ஒரே ஒரு வாக்கியம். மதிப்பீட்டாளர் பொய் சொல்லவில்லை. எழுதித்தான் இருக்கிறார். படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை. அறிக்கையும் கடன் நிறுவனத்தின் பெயருக்கு இல்லை, கடன் வாங்கியவரின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. அவர் பணம் கொடுத்து வரவழைத்த அறிக்கையை நிறுவனம் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.

அரை ஏக்கர் என்றால் 21,780 சதுர அடி. சதுர அடிக்கு 45 ரிங்கிட் வீதம் நிலத்துக்கு 9,80,100. கொட்டகைக்கு 4,70,000. கூட்டினால் பதினான்கரை லட்சம். அக்கம்பக்கத்தில் விவசாய நிலமாகவே விற்ற இடங்களின் விலையைத் தேடிப் பார்த்தபோது சதுர அடிக்கு 20 ரிங்கிட் அளவில்தான் இருந்தது. அப்படியானால் நிலம் 4,35,600. அனுமதி இல்லாத கொட்டகைக்கு வாங்குபவர் விலை தருவாரா என்பது சந்தேகம். இடிக்கும் செலவைக் கழித்துக் கேட்டாலும் கேட்பார். நிலுவைக் கடனோ பத்து லட்சத்துக்கு மேல். நிலத்தை மாற்ற விண்ணப்பிக்கலாம், ஆனால் மாநில அரசுக்கு பிரீமியம் என்ற மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

கடைசியில் பாலிசி. கடன் தொகை பதினொரு லட்சம், ஆகவே காப்பீடும் பதினொரு லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிலம் எரியாது. எரிவது கொட்டகை. அதைத் திரும்பக் கட்ட 4,70,000 போதும் என்றால் இழப்பீடும் அதைத் தாண்டாது. மீதித் தொகைக்கு அந்தப் பெரியவர் வருடா வருடம் வீணாக பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தார். நேர்மாறான தவறைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். நாலு லட்சம் பெறும் கட்டடத்துக்கு இரண்டு லட்சம் போட்டு வைப்பார்கள். ஒரு லட்சம் சேதமானால், பாதிதான் காப்பீடு செய்தாய், பாதிதான் தருவோம் என்று ஐம்பதாயிரத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

தொகையைவிட என்னை உறுத்தியது இன்னொரு வரி. பயன்பாடு என்ற இடத்தில் 'கிடங்கு' என்று இருந்தது. ஸ்ப்ரே பெயின்டும் ஸ்பாஞ்சும் இருக்கும் சோபாப் பட்டறையைக் கிடங்கு என்று சொல்லி எடுத்த பாலிசியை வைத்து, தீப்பிடித்த மறுநாள் காப்பீட்டு நிறுவனம் என்ன பேசும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். கடன் நிறுவனத்தின் பெயர் பாலிசியில் அடமானதாரராக ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பாலிசியே செல்லாது என்றால் அந்தப் பெயரால் என்ன பயன்?

ஆக, கெரானில் இருப்பது விவசாய நிலம். மதிப்பீட்டில் இருப்பது தொழில் நிலம். பாலிசியில் இருப்பது ஒரு கிடங்கு. மூன்றிலும் நிலத்தின் எண் ஒன்றே. நான் டிக் போட்டதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இதைக் கூட்டத்தில் வைத்தபோது மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. தவணை ஒன்றுகூட தவறவில்லையே என்று பிறகு கேட்டார். உண்மைதான், பெரியவர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் இதை வாராக்கடன் என்று நான் சொல்லவில்லை. கட்ட முடியாமல் போனால் எவ்வளவு தேறும் என்ற கணக்கில் பதினான்கரை லட்சத்தை எடுத்துவிட்டு, நிலத்தின் இப்போதைய நிலைக்கு வேறொரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள் என்றேன். கடன் நஷ்டத்துக்கான ஒதுக்கீடு கூடியது. லாபம் அந்த அளவுக்குக் குறைந்தது, நிதி இயக்குநருக்கு முகம் சுருங்கியது.

மறுநாள் காலை நான் போகும்போது பெட்டக அறை திறந்திருந்தது. மேடமும் இரண்டு குமாஸ்தாக்களும் தரையில் உட்கார்ந்து, பழைய கெரான் முகிம்களை மட்டும் தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, வகை தியாடான்னு இதுவரைக்கும் ஆறு வந்திருக்கு" என்றார். அலமாரியில் பாதி இன்னும் மீதி இருந்தது.